நாற்பத்திரண்டு சொற்களும் ஒரு தகர ஓட்டையும்

ஒரு நரி மின்மினிப் பூச்சிகளைப் பிடித்துச் சுரைக்குடுக்கையில் அடைத்துக்கொண்டு சேவலிடம் போயிற்றாம். "இதற்குள் விடியல் இருக்கிறது. உன் தானியத்தைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்" என்றதாம். சேவல் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே பளபளவென்றிருந்தது. தானியத்தைக் கொடுத்துவிட்டது. இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் நரியைத்தான் திட்டுவார்கள். ஊரில் எல்லாருக்கும் முன்னால் விடியலை அறிகிற பறவை சேவல்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உர்சுலாவின் கதையும் அப்படிப்பட்டதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் மாரிஸின் விளம்பரப் பட நிலையம் இருந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் அது புகைப்பட நிலையமாக இருந்தது. உர்சுலா அங்கே விளக்கு உதவியாளர். உணவகங்களின் மீன் தலைக் கறியையும் நகைக்கடைகளின் அட்டிகைகளையும் மாரிஸ் படம் எடுத்தபோதெல்லாம், விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு தாழ்த்துவது, வெள்ளை அட்டையை எங்கே பிடிப்பது என்று தீர்மானித்தவர் அவர்தான். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு நோட்டில் மூன்று தலைப்புப் போட்டு எழுதிக்கொள்வார்: யார், எங்கே, வெளிச்சம். மூன்றும் நிரம்பாமல் விளக்கைத் தொடமாட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரிஸ் விளக்குகளையும் கேமராக்களையும் விற்றுவிட்டார். எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் கணினிச் செயலி வந்துவிட்டது. ஆறு பேர் இருந்த இடத்தில் உர்சுலாவும் ஐவனும் மிஞ்சினார்கள். உர்சுலாவுக்கு ஐம்பத்து நான்கு வயது, ஐவனுக்கு இருபத்தேழு. செயலிக்கு எழுதுவது ஐவனின் வேலை. வந்த படங்களின் நிறத்தையும் அளவையும் சீர்செய்து அச்சுக்கு அனுப்புவது உர்சுலாவின் வேலை.

ஐவனிடம் ஒரு பட்டியல் இருந்தது. கைப்பேசியில் பூட்டி வைத்திருந்தான். எந்தப் படத்துக்கும் அதிலிருந்த நாற்பத்திரண்டு சொற்களையும் அப்படியே எடுத்துப் போடுவான். மாஸ்டர்பீஸ், பெஸ்ட் குவாலிட்டி, எயிட்-கே, அல்ட்ரா டீட்டெயில், ஹைப்பர் ரியலிஸ்டிக், அவார்ட் வின்னிங், ஸ்டன்னிங், சினிமாட்டிக் என்று அது நீளும். கடைசியில் "காலணி" என்றோ "தீபாவளி விளக்கு" என்றோ ஒரு சொல் சேர்ப்பான். மினுமினுப்பான படம் வரும். வாடிக்கையாளர்களுக்கு ஏதோ ஒரு காலணி, ஏதோ ஒரு விளக்கு போதுமானதாக இருந்தது. ஆகவே அந்தப் பட்டியலை மாரிஸ் மந்திரம் போலவே மதித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை மாரிஸ் இருவரையும் தம் மேசைக்கு அழைத்தார்.

"கிள்ளான் ஷம்சுதீன் பாய் தெரியும்தானே? மூணாவது கடை இங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல தொறக்கிறார். ஒரு சுவரு முழுக்கப் படம் வேணுமாம். அவரு வாப்பா போர்ட் கிள்ளான்ல, கப்பல் கேட்டுக்கு வெளிய ரோட்டோரமா டீ ஒட்டுக்கடை போட்டிருந்தாராம். அதுதான் படம். ஆனா அந்தக் கடைக்கு ஒரு போட்டோகூட இல்ல."

"ஈசி லா பாஸ்" என்றான் ஐவன்.

"இரு. ரெண்டு பேரும் தனித்தனியா ஒண்ணு பண்ணுங்க. வெள்ளிக்கிழமை பேர் போடாம ரெண்டையும் பாய் முன்னால வைப்பேன். அவரு எடுக்கிறது யாரோடதோ, அவங்க இங்க இருப்பாங்க. இன்னொருத்தரு அன்னிக்கே சாமான எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம். ரெண்டு பேரு வைக்கிற அளவுக்கு இங்க வேல இல்ல."

மாரிஸ் அவருடைய கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

"இதையும் கட்டிக்கிட்டு அழுவுறியா இன்னும்? மியூசியத்துல கேட்டாங்கன்னா சொல்றேன். நோட்ட முன்னால வைப்பாங்க, ஒன்ன பின்னால நிக்க வைப்பாங்க."

ஐவன் சிரித்தான். மாரிஸும் சேர்ந்து சிரித்தார். உர்சுலாவும் சிரித்தார். வேலைக்குப் போகிற இடத்தில் அவர் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட சிரிப்பு அது. அந்த வயதில் வேறோர் இடத்தில் தம்மை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருப்பதை நினைத்தால், அறையின் விளக்கை யாரோ அணைப்பது போல அவருக்குத் தோன்றும்.

மறுநாள் இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். ஷம்சுதீன் தம் கடையின் மூலை மேசையில் உட்காரவைத்து ரொட்டி சானாய் வரவழைத்தார். ஐவன் இரண்டு ரொட்டிகளைத் தின்றான். "கடைன்னா கடைதானே பாய், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

உர்சுலா நோட்டைத் திறந்தார்.

"பாய், கடை எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

"ரோட்டப் பாத்துதான் அக்கா."

"ரோடு எந்தப் பக்கம்? காலையில வெயில் மூஞ்சியில அடிக்குமா, முதுகுல அடிக்குமா?"

ஷம்சுதீன் யோசித்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கைகளை நீட்டி மேசையையே சாலையாக்கி, சர்க்கரை டப்பாவைத் துறைமுக வாசலாக்கி, ஒரு குவளையைக் கடையாக வைத்தார்.

"வாப்பா இங்க நிப்பார். ரோட்டுலேருந்து பாத்தா இடது பக்கம் தகரத் தடுப்பு. அந்தத் தகரத்துக்குப் பின்னாலதான் சூரியன் வரும்."

"அப்ப வாப்பா மேல வெயில் படாது."

"படாது. ஆனா..." ஷம்சுதீன் நிறுத்தினார். "தகரத்துல ஒரு ஓட்ட இருந்துச்சு அக்கா. ஆணி அடிச்சுப் புடுங்கின ஓட்ட. ஏழரை மணிக்கு லோரிக்காரங்க ஷிஃப்டு முடிஞ்சு வருவாங்க பாருங்க, அப்ப அது வழியா ஒரு கோடு மாதிரி வெயில் வரும். வாப்பா கைய ஒசத்தி டீய ஆத்தி தே தாரிக் இழுக்கும்போது அந்தக் கோட்டுக்குள்ள டீ போகும். தங்கம் மாதிரி இருக்கும். நாங்க அதப் பிடிக்கக் கை நீட்டுவோம். அடி வாங்குவோம்."

"பின்னால என்ன இருந்துச்சு? வெளிச்சமா, இருட்டா?"

"கரி பிடிச்ச பலகை. கறுப்பு."

"அதான் பாய் ஆவி தெரிஞ்சிருக்கு" என்றார் உர்சுலா. "பின்னால கறுப்பு இருந்து, பக்கத்திலேருந்து வெளிச்சம் வந்தாத்தான் ஆவி தெரியும். வெள்ளச் சுவரா இருந்திருந்தா ஒங்களுக்கு ஞாபகமே இருந்திருக்காது."

ஷம்சுதீன் அவரை வியந்து பார்த்தார். பிறகு பேச்சு நிற்கவேயில்லை. தந்தையின் மெலிந்த தோள், பொத்தல் விழுந்த கைப்பனியன், பச்சைக் கட்டம் போட்ட கைலி, வலக்கை தலைக்குமேல் உயர்ந்திருக்கும் விதம், பலகை இருக்கையில் தலைப்பாகைத் துண்டோடு உட்கார்ந்திருக்கும் மூன்று லோரிக்காரர்கள், எண்ணெய் படிந்த தரை. முதல் பக்கம் நிரம்பியது. மழைக்காலத்தில் அதே கடை எப்படி இருக்கும் என்று அவர் சொன்னபோது உர்சுலா தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தில் எழுதினார்.

புதன்கிழமை உர்சுலா தாமே செயலியின் முன் உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் இருந்ததை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டினார். ஒருமுறை படம் கேட்டார். அரை நிமிடத்தில் வந்தது.

கறுத்த பலகை வந்திருந்தது. இடப் பக்கத்தில் தகரம் வந்திருந்தது. ஓட்டை வழியே வெயில் கோடு வந்து விழுந்தது. அதற்குள் ஆவி எழுந்தது. ஆனால் மனிதனின் வலக்கையில் ஆறு விரல்கள் இருந்தன. குவளை கையைவிட்டு அரையங்குலம் விலகிக் காற்றில் நின்றது.

உர்சுலாவின் கண்ணுக்கு அந்த ஆறு விரல்கள்தாம் தெரிந்தன. இதே வரிகளை வைத்து இன்னும் பத்து முறை கேட்டால் செயலி பத்து வேறு படங்கள் தரும், அவற்றில் ஒன்றில் கை சரியாக அமையும் என்பதை அவர் அறியவில்லை. மற்றவர் வரவழைத்த படங்களைச் சீர்செய்தே பழகியவர். விளக்கு வேலையில் இரண்டாவது வாய்ப்பு இருந்ததில்லை, மீன் ஆறிவிடும்.

பின்னாலிருந்து ஐவன் எட்டிப் பார்த்தான்.

"அய்யோ ஆன்டி! இது டீக்கடையா, சிலந்திக் கடையா? ஆறு வெரல்!"

"என்ன தப்பு தம்பி பண்ணேன்?"

"எவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க பாருங்க. கதை சொல்ற மாதிரி. நீளமா எழுதினா மெஷின் கொழம்பிடும் ஆன்டி. அதுக்குப் பவர் வேர்ட்ஸ் போதும். அதோட பொருளு பேரு. முடிஞ்சுது."

அவன் திரையைச் சற்றுக் கூடுதலாகவே நேரம் எடுத்துப் பார்த்தான். அந்த வெயில் கோட்டை அவன் பார்த்துவிட்டான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரல் இளகியது.

"ஆன்டி, உண்மைய சொல்லவா? நான் ஒங்களோட சண்ட போட விரும்பல. என் அம்மா வயசு ஒங்களுக்கு. என் லிஸ்ட்ட நான் யாருக்கும் குடுத்ததில்ல, பாஸுக்கே குடுத்ததில்ல. ஒங்களுக்குத் தரேன்."

உர்சுலா நம்பாமல் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா லா. ஃபேரா இருக்கட்டும். நீங்க அந்த நோட்டு மட்டும் காட்டுங்க. பாய் என்ன சொன்னாருன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஃபைலுக்கு வச்சுக்கிறேன்."

உர்சுலா நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். அவன் முதல் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தான். அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. உர்சுலாவின் கைப்பேசி ஒலித்தது. நாற்பத்திரண்டு சொற்களும் வந்து சேர்ந்தன.

"தேங்க்ஸ் தம்பி" என்றார் அவர். சொல்லும்போது கண்கள் கலங்கிவிட்டன.

"ஓகே லா ஆன்டி. காட் பிளஸ்."

வியாழக்கிழமை உர்சுலா தமது வாக்கியங்களை ஒவ்வொன்றாக அழித்தார். நாற்பத்திரண்டு சொற்களையும் ஒட்டினார். கடைசியில் "துறைமுகத் தேநீர்க் கடை, இந்திய முஸ்லிம் ஆள்" என்று சேர்த்தார். வந்த படத்தைப் பார்த்து அவருக்கே பெருமிதமாக இருந்தது. ஐந்து விரல்களும் பத்திரமாக இருந்தன. எல்லாமே மின்னின. குவளைகள் மின்னின, மனிதனின் நெற்றி மின்னியது, பின்னணியில் ஆரஞ்சு நிற வானம் மின்னியது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. விளக்கு உதவியாளராக இருந்த காலத்தில் அப்படி ஒரு படத்தை அவர் மாரிஸின் கண்ணில் காட்டியிருக்கமாட்டார். இப்போது அதை அச்சுக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஷம்சுதீன் வந்தார். மாரிஸ் சுவரில் இரண்டு அச்சுப் படங்களை மாட்டியிருந்தார். ஒன்றின் மேல் 'அ' என்றும் மற்றதன் மேல் 'ஆ' என்றும் எழுதப்பட்டிருந்தது.

'அ' உர்சுலாவினுடையது. ஷம்சுதீன் அதன் முன் மரியாதையாக நின்றார்.

"நல்லாருக்கு. ஏர்போர்ட்ல வைக்கிற மாதிரி இருக்கு. இது யாரு கடை?"

"ஒங்க வாப்பா கடைதான் பாய்" என்றார் மாரிஸ்.

"எங்க வாப்பா இப்படி மினுமினுன்னு இருந்திருந்தா எங்கம்மா அவர வெளிய விட்டிருக்க மாட்டாங்க" என்று ஷம்சுதீன் சொல்ல, அறையில் சிரிப்பு எழுந்தது.

பிறகு அவர் 'ஆ'வின் முன் போனார். சிரிப்பு அவர் முகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது.

கறுத்த பலகை. இடப்பக்கம் தகரம். ஓட்டையிலிருந்து ஒரு கோடாக வெயில், அதற்குள் நீண்டு இறங்கும் தேநீர், எழும் ஆவி. பொத்தல் விழுந்த கைப்பனியன். பச்சைக் கட்டக் கைலி. உயர்ந்த வலக்கையில் ஐந்து விரல்கள். ஐவன் இருபத்தாறு முறை கேட்டு, கை சரியாக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

ஷம்சுதீன் கையை நீட்டி, அச்சிட்ட வெயில் கோட்டை விரலால் தொட்டார்.

"இதத்தான் நாங்க பிடிக்கப் போவோம்" என்றார். பிறகு திரும்பி, "அக்கா, இது நீங்கதான? ஒங்ககிட்டதான் நான் இதச் சொன்னேன்" என்றார்.

மாரிஸ் படத்தின் மூலையை மட்டும் திருப்பிக் காட்டினார். பின்புறம் ஐவனின் பெயர் இருந்தது.

உர்சுலாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

"மாரிஸ் அண்ணே, அது என் நோட்டு. ஒவ்வொரு வரியும் என் நோட்டு. இந்தத் தம்பி..."

"ஆன்டிதான் பாஸ் குடுத்தாங்க" என்றான் ஐவன் அமைதியாக. "ஃபைலுக்குன்னு. நானும் என் லிஸ்ட்ட அவங்களுக்குக் குடுத்தேன். கேளுங்க."

"குடுத்தானா?" என்று மாரிஸ் கேட்டார்.

"குடுத்தான். ஆனா..."

"அப்ப கொடுக்கல் வாங்கல் சரியாப் போச்சு." மாரிஸ் சுவரிலிருந்து 'அ' படத்தை எடுத்து உர்சுலாவின் முன் பிடித்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்த நோட்டு ஒன் கையில இருந்துச்சு. கிள்ளானுக்குப் போனவ நீ, கேட்டவ நீ, எழுதினவ நீ. எழுதினத வச்சு நீ ஏன் இந்தக் கடைய வரையல? எதுக்கு அத அழிச்சிட்டு இந்தக் குப்பையப் போட்ட?"

உர்சுலா அந்தப் படத்தை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம் வெளக்குப் பிடிச்சவ. ஒனக்கே ஒன் கண்ணு மேல நம்பிக்கை இல்ல. நான் ஏன் வச்சுக்கணும்?"

அந்தப் பட்டியலைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர் மாரிஸ்தான் என்பதை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. ஷம்சுதீனுக்கு அது தெரியாது. அந்தப் படம் யாருடைய கேள்விகளால் பிறந்தது என்பதையாவது சொல்லியிருக்கலாம். அவர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய விரல் இன்னும் அந்த வெயில் கோட்டின் மேல் இருந்தது. அதைவிட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை. "அது ஒங்க ஆபீஸ் விஷயம் மாரிஸ்" என்றார். "எனக்கு இந்தப் படம் வேணும்."

மதியம் உர்சுலா தம் மேசையைக் காலி செய்தார். ஒரு தேநீர்க் குவளை, ஜெபமாலை, நோட்டு. கணினியை அணைக்கப் போனபோது கை நின்றது. தாம் செய்த படத்தை மறுபடி திறந்தார்.

ஐவன் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றி பெற்றவனுக்கு வாயை அடக்குவது கடினம்.

"என்ன ஆன்டி, எங்க தப்புன்னு பாக்கிறீங்களா? நான் காட்டறேன்." எழுந்து வந்தான். "இந்தா, இந்த நம்பர் தெரியுதா? சீட் நம்பர், விதைன்னு அர்த்தம். மெஷின் முதல்ல வெறும் புள்ளிக் கலவையிலேருந்துதான் ஆரம்பிக்கும். நம்பர் மாறினா அந்தக் கலவை மாறும், படமும் மாறும். அதே நம்பர வச்சுக்கிட்டா ஆரம்பம் மாறாது. அப்புறம் நீங்க எழுத்துல என்ன மாத்தினீங்களோ, அதுதான் படத்துல மாறும். சரியா? இப்பப் பாருங்க."

எண்ணைப் பூட்டினான். நாற்பத்திரண்டு சொற்களையும் ஒரே வீச்சில் அழித்தான். "துறைமுகத் தேநீர்க் கடை, இந்திய முஸ்லிம் ஆள்" என்பது மட்டும் மிஞ்சியது. பொத்தானைத் தட்டினான்.

படம் வந்தது. அதே கடை, அதே ஆள், அதே ஆரஞ்சு வானம். மினுமினுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஒரு குவளை இடம் மாறியிருந்தது. அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? எயிட்-கேன்னு எழுதினா படம் பெரிசாவாது. படத்தோட அளவு வேற இடத்துல இருக்கு. மாஸ்டர்பீஸ்னு எழுதினா மெஷினுக்கு எத வரையணும்னு தெரியாது. கொஞ்சம் பளபளன்னு ஆக்கும், அவ்வளவுதான்." இப்போது அவன் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தான்: இடப்பக்கத் தகரத் தடுப்பின் ஓட்டை வழியாகக் காலை வெயில் ஒரு கோடாக விழுகிறது, பின்னால் கறுத்த பலகை. எண் அதேதான். பொத்தானைத் தட்டினான்.

ஆரஞ்சு வானம் காணாமல் போயிற்று. படத்துக் கடை இருண்டது. ஒரு கோடு வந்து விழுந்தது.

"ஒரு வரி" என்றான் ஐவன். "அந்த நாப்பத்திரண்டு வார்த்தைய விட இது பெரிசு."

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?" உர்சுலாவின் குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"போன ஜூன்லயே தெரியும் ஆன்டி. ஆனா ஜூன்லேருந்து ஒருத்தரும் குறிப்பிட்ட ஒரு பொருளக் கேக்கலையே. செருப்புன்னா ஏதோ ஒரு செருப்பு. பாய்தான் மொத தடவ, ஒரே ஒரு கடைய கேட்டாரு. அதுக்கு ஒங்க கண்ணு வேணும்." அவன் தோளைக் குலுக்கினான். "நீங்களே அதக் குடுத்துட்டு மின்னுற சாமான வாங்கிக்கிட்டீங்க. நான் புடுங்கலயே."

உர்சுலா தம் குவளையையும் மாலையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். கீழே பூக்கடைக்காரி வீரம்மா, "என்ன அக்கா, இன்னிக்குச் சீக்கிரமா?" என்றார். "ஆமா" என்றார் உர்சுலா. மல்லிகைக் குவியலின் மேல் ஒரு பக்கத்திலிருந்து வெயில் விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று அவர் கண் தானாகவே பார்த்தது. அதற்காக அவர் தம்மையே வெறுத்தார்.

சுங்கை பூலோவிலுள்ள வீட்டில் மூன்று வாரங்கள் கழிந்தன. நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. பிறந்த ஆண்டைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

நான்காவது வாரம் ஒரு முற்பகலில் ஐவன் அழைத்தான்.

"ஆன்டி! சௌக்கியமா? சாப்பிட்டீங்களா?"

"சொல்லு தம்பி."

"இல்ல, நம்ம பாய் கடை தொறந்துட்டாரு. படம் செம ஹிட். இப்ப எதிர்ச் சுவத்துக்கு இன்னொண்ணு வேணுமாம். அதே கடை, மழை நாள்ல. நான் பதினஞ்சு படம் காட்டிட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டு, 'இது எங்க கடை இல்ல'ன்னு தள்ளிடறார். எப்படி இருக்கும்னு கேட்டா, 'அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், அக்காவக் கேளு'ங்கிறார். கோவமா இருக்கார் ஆன்டி. நாளைக்குள்ள சரியா வரலன்னா வேற இடம் பாத்துக்கறாராம். பாஸ் வேற..." அவன் குரல் தாழ்ந்தது. "பாஸ் என்னைத்தான் பாக்கறாரு. அன்னிக்கு ஒங்களப் பாத்த மாதிரியே."

உர்சுலா அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். எல்லாம் அதில் இருந்தது. மழைக்குத் தாழ்த்திவிட்ட நீலத் தார்ப்பாய், அதன் வழியே கடைக்குள் பரவும் நீல வெளிச்சம். அந்த நீலத்துக்கு நடுவே அடுப்பின் சிவப்பு மட்டும் வாப்பாவின் முகத்தில் கீழிருந்து படும். தகர ஓட்டையில் வாப்பா ஒரு துணியைத் திரித்து அடைத்திருப்பார். அதன் நுனியிலிருந்து நீர் சொட்டும். கீழே ஒரு பால் டின்.

"ஆன்டி? இருக்கீங்களா? மெசேஜ்ல அனுப்பினா போதும். ப்ளீஸ் லா."

"அனுப்பறேன்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டினார். யார், எங்கே, வெளிச்சம். முழுவதும் எழுதி முடித்தபோது அந்தக் கடை அவர் கண்முன் நின்றது. துணி நுனியின் சொட்டுகூடத் தெரிந்தது. தம் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த பக்கம் அதுதான் என்று அவருக்குப் பட்டது. ஒருமுறை படித்தார். பிறகு முதல் எழுத்துவரை அழித்தார்.

கைப்பேசியில் பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போய், ஒரு புதன்கிழமையில் நிறுத்தினார். மாஸ்டர்பீஸ், பெஸ்ட் குவாலிட்டி, எயிட்-கே... நாற்பத்திரண்டையும் ஒன்று குறையாமல் எடுத்து ஐவனுக்கு அனுப்பினார். கடைசியில் "மழை, தேநீர்க் கடை" என்று சேர்த்தார்.

உடனே பதில் வந்தது. "ஆன்டி, என்ன இது? வெளையாடாதீங்க. பாஸ் நிக்கிறாரு."

உர்சுலா நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். பிறகு தட்டினார்:

"இதுவே போதும் தம்பி. நீளமா எழுதினா மெஷின் கொழம்பிடும்."